அடைக்கு வைக்காத முட்டை

அந்தக் கடிதம் மலர்விழிக்கு மனப்பாடமாகிவிட்டது. கல்யாணமாகி வந்த இந்த மூன்று வருஷத்தில் அப்பா அவளுக்கு எழுதிய ஒரே கடிதம் அதுதான். அதையும் மகளுக்கு என்று அவர் எழுதவில்லை.

'நாட்டுக்கோழி முட்டை விற்கும் அம்மையாருக்கு வணக்கம். நாங்கள் புலால் உண்ணாத குடும்பம். என் மனைவி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உடம்பில் ரத்தமில்லை. பாலும் பருப்பும் வயிறு ஏற்கவில்லை. தினம் ஒரு முட்டை தரச் சொல்கிறார் டாக்டர். ஆகவே கேட்கிறேன். தங்கள் முட்டைகள் சேவல் சேர்ந்த கோழிகளுடையவையா? அப்படியானால் அவற்றில் உயிர் உண்டா? சேராத முட்டை என்றால் என்ன மாறுகிறது? மறைக்காமல் எழுதவும். இப்படிக்கு, க. நாராயணசாமி.'

களமருதூர் நாராயணசாமி வடலூர் சன்மார்க்க வழியில் போகிறவர். அவர் வீட்டு அடுப்பில் கறி என்ற பேச்சே கிடையாது. மகள் லாரி ஓட்டும் தங்கதுரையைக் கட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் கோழி வளர்த்து முட்டை விற்கிறாள் என்று கேள்விப்பட்டதும் ஒரே வார்த்தைதான் சொல்லியனுப்பினார். உயிரை விற்றுச் சாப்பிடுகிறவள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்று. சொன்ன சொல்லை இந்த மனிதர் காப்பாற்றியும் வந்தார். அந்தப் பிடிவாதத்தில் பாதி மகளுக்கும் வந்திருந்ததால், இவளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கடிதம் வந்த அன்றே அவள் சேவலைப் பிடித்துக் கொல்லைக் கோடியில் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் முதல் கோழிகள் இட்ட முட்டைகளைத் தனியாக ஈரமணல் சட்டியில் அடுக்கினாள். பழைய முட்டைகள் கேழ்வரகுப் பானையில் இருந்தன. பிறகு, தானும் யாரோ போலவே பதில் எழுதிப் போட்டாள். 'சேவலைப் பிரித்துவிட்டேன். இனி இடும் முட்டையில் உயிர் கிடையாது. வெள்ளிக்கிழமை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.'

இன்று வெள்ளிக்கிழமை. பஸ் இல்லை.

இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மறியல் நடந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். தங்கதுரை லோடு ஏற்றிக்கொண்டு போனவன், உளுந்தூர்பேட்டை பக்கம் எங்கோ வண்டியோடு மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஒரு செய்தி வந்ததோடு சரி. கச்சிராயபாளையம் வழியாக மேலே போகும் மலை பஸ்ஸின் ஹாரன் சத்தம்கூட இல்லாமல் ஊர் செத்துக் கிடந்தது. மலர்விழி பேச ஆளில்லாமல் நாலு நாளாகக் கோழிகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவை தீனி தீர்ந்ததும் போய்விடுகிற ஜாதி.

நடந்தே போய்விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு செல்லியம்மாள் முந்தானையை ஏந்திக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மலரு, உள்ள வா. ஒண்ணு காட்றேன்."

உள்ளே ஓட்டுச் சந்தில் ஒரு கோடு வெயில் விழும் இடம் உண்டு. செல்லியம்மாள் முந்தானையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, கைக்குள் பொத்தி, அந்த வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தாள். முட்டை உள்ளுக்குள் சிவந்து தெரிந்தது. நடுவில் ஒரு கரும்புள்ளி. அதைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக ரத்த நரம்புகள் ஓடின.

"கரு கட்டிக்கிச்சு பாத்தியா? அடை வெச்சி ஒரு வாரம்கூட ஆவல. நாலு வெச்சேன், நாலுலயும் இப்பிடித்தான். ஒண்ணுகூட கூமுட்டை இல்ல."

"நல்லதுதான் அக்கா. எந்த முட்டைய வெச்சீங்க?"

"உன்னுதுதான்டி. அன்னிக்கி நீ சந்தைக்குப் போயிருந்த. என் கோழி அடையில ஒக்காந்துகினு எழுந்திரிக்கவே மாட்டேன்னுச்சு. சரி, அப்பறம் சொல்லிக்கலாம்னு உன் சட்டியில நாலு எடுத்துக்கினேன்."

"எந்தச் சட்டி? கேவுரு பானையா?"

"மணல் சட்டி. அதான் புது முட்டையா இருந்திச்சி."

மலர்விழி அந்த முட்டையை வாங்கி மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, அது சேவல பிரிச்சப்பறம் வெச்ச முட்டை. அதுல எப்பிடி கரு வரும்?"

செல்லியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இன்னாடி, கோழியே வளக்காதவ கணக்கா பேசற? சேவல பிரிச்சா அன்னிக்கே நின்னுடுமா? ஒருக்கா சேந்திச்சின்னா அந்த வித்து கோழி வயித்துக்குள்ளயே தங்கிக்கும். ரெண்டு வாரம், சிலதுக்கு மூணு வாரம்கூட வெக்கிற முட்டையெல்லாம் பொரிக்கும். எங்க வூட்ல ஒரு தடவ திருவிழாவுக்கு சேவல அறுத்துட்டு, அதுக்கப்பறம் வெச்ச முட்டைய அடை வெச்சோம். அத்தினியும் குஞ்சு. அப்பன் கொழம்பாயிட்டான், புள்ளைங்க மேயுதுன்னு எங்க மாமியா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

மலர்விழியால் சிரிக்க முடியவில்லை. மூன்று வருஷம் கோழி வளர்த்திருக்கிறாள். ஆனால் சேவலைப் பிரித்து வைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் கோழி வளர்க்கிறார்கள்? பொரிக்காமல் இருக்க வழி கேட்டு யார் கடிதம் எழுதினார்கள்?

செல்லியம்மாள் போனதும் அவள் மணல் சட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தட்டில் உடைத்தாள். மஞ்சளின் மேல் ஒரு சின்ன வெள்ளை வட்டம், ஓரம் வளையமாக, நடுவில் தெளிவாக இருந்தது. பார்த்துப் பழகாதவன் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு முட்டை வேண்டுமே என்று நினைத்தபோதுதான் நொண்டியின் ஞாபகம் வந்தது. குஞ்சாக இருந்தபோதே நாய் கவ்வியதில் ஒரு கால் போன இளம் விடைக்கோழி அது. மற்றவை கொத்துகின்றன என்று அடுப்படி மூலையிலேயே கூடை போட்டு வளர்த்தாள். வெளியே விட்டதில்லை. சேவல் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. போன வாரம்தான் முதல் முட்டை இட்டது. விற்க முடியாத அளவுக்குச் சின்ன முட்டைகள் என்று ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வைத்திருந்தாள்.

அதில் ஒன்றை உடைத்து அதே தட்டில் ஊற்றினாள். மஞ்சளின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் இருந்தது. ஒழுங்கில்லாத, அடர்த்தியான, சிறிய பொட்டு. வளையம் இல்லை. பக்கத்தில் ஒரு ரத்தத் துளி இருந்தது. அவள் திடுக்கிட்டாள். பிறகு யோசித்துப் பார்த்தாள். சேவலையே அறியாத கோழியின் முட்டையில் ரத்தம் என்றால், அது அந்தக் கோழியின் ரத்தமாகத்தான் இருக்க வேண்டும். முட்டை உருவாகும்போது உள்ளே ஏதாவது ஒரு நரம்பு வெடித்திருக்கும்.

ஆக, உயிர் இருக்கும் முட்டையில் ரத்தமில்லை. ரத்தம் இருக்கும் முட்டையில் உயிரில்லை. இதை அப்பாவுக்கு எப்படி எழுதுவது?

எழுத வேண்டிய தேவை வரவில்லை. வேலிப்படலுக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது.

"முட்டை விக்கிறவங்க வூடு இதுங்களா?"

குரலைக் கேட்டதும் அவள் தட்டைக் கீழே வைத்தாள். வெளியே வந்தாள். அப்பா நின்றிருந்தார். வெள்ளை வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. புளியமரத்துக்குப் புளியமரம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த களைப்பு தெரிந்தது. தாடி முழுக்க நரைத்திருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு மனிதர் இவ்வளவு சுருங்குவாரா என்று நினைத்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்தார். பிறகு பார்வையைக் கோழிகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம கொண்டாந்து தரேன்னு எழுதியிருந்தீங்க. பஸ்ஸு இல்ல. அதான் நானே வந்தேங்க."

அப்பா தன்னை 'ங்க' போட்டுப் பேசுகிறார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வந்தும் மனுஷருக்கு வீம்பு குறையவில்லையே! சரி, அதே வழிக்குப் போவோம் என்று தோன்றியது.

"உள்ள வாங்க."

"இல்லீங்க. இங்கயே நிக்கிறேன். முட்டைய குடுத்தீங்கன்னா கெளம்பிடுவேன்."

மணல் சட்டி உள்ளே தயாராக இருந்தது. வைக்கோலைச் சுற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அம்மா சாப்பிடுவாள். வேகவைத்த முட்டையில் வளையத்தைத் தேடி யார் பார்க்கப் போகிறார்கள்? அடுத்த வாரமும் வருவார். அதற்கடுத்த வாரமும் வருவார். ஒருநாள் படலைத் தாண்டி உள்ளே வருவார். ஒரு பொய். அதுவும் அவள் தெரிந்து சொன்ன பொய்யில்லை. அறியாமல் எழுதியதை அப்படியே விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவள் உள்ளே போனாள். சட்டியைத் தொட்டாள். வெளியே அவர் படலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது கேட்டது. மறைக்காமல் எழுதவும் என்று கேட்டிருந்தாரே! யாரோ ஒரு முட்டைக்காரியை நம்பி இத்தனை தூரம் வந்திருக்கிறார். மகளை நம்பாதவர் முட்டைக்காரியை நம்புகிறார். அந்த நம்பிக்கையையும் கெடுத்துக்கொண்டால் தனக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

சட்டியை விட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் எழுதினது தப்புங்க," என்றாள். "சேவல பிரிச்சா அன்னியிலிருந்தே முட்டையில கரு இருக்காதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது இல்லீங்க. பிரிச்சி ரெண்டு மூணு வாரம் வரைக்கும் இருக்கும். பக்கத்து வூட்ல அதே முட்டைய அடை வெச்சிருக்காங்க. கரு கட்டிடுச்சி. இன்னிக்கி காலையிலதான் தெரியும்."

அவள் தட்டை நீட்டினாள்.

"இது சேவல் சேந்தது. வளையம் தெரியுதுங்களா? இது சேராதது. வெறும் பொட்டுதான்."

"இதுலதான ரத்தம் இருக்குது?"

"அது கோழியோட ரத்தம்ங்க. அது நொண்டி, அடுப்படிய வுட்டு வெளிய வந்ததே இல்ல. ரத்தத்த வெச்சி சொல்ல முடியாது."

"உடைக்காம வெளிச்சத்துல பாத்து சொல்ல முடியாதுங்களா?"

"அன்னன்னிக்கி வெச்ச முட்டைய எப்பிடிப் பாத்தாலும் ரெண்டும் ஒண்ணுதான். அடையில வெச்சி நாலஞ்சி நாள் போனாத்தான் தெரியும். அதுக்குள்ள கரு வளந்துடும்."

அவர் குனிந்து தட்டையே பார்த்தார். வயலில் நாற்றின் வேரைப் பார்க்கும்போது அவர் இப்படித்தான் குனிவார். "சாப்பிடறவங்களுக்கு இன்னா மாறுதுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாறாது. ருசி ஒண்ணுதான், சத்தும் ஒண்ணுதான். ஒடம்பு தேற ரெண்டும் ஒரே மாதிரிதான். சேந்த முட்டைகூட சும்மா வெச்சா குஞ்சாவாது. கோழி ஒக்காந்து சூடு குடுக்கணும். கோடைக்காலத்துல வெளிய கிடந்தா தானாவே கொஞ்சம் கரு அசைய ஆரம்பிச்சி கெட்டுப்பூடும். அதான் ஈர மணல்ல வெக்கறது." அவள் தட்டில் இருந்த இரண்டையும் மாறி மாறிக் காட்டினாள். "ஆனா, அதுல ஒரு குஞ்சு வர்றதுக்கு வழி இருக்குது. இதுல எத்தினி நாள் கோழி ஒக்காந்தாலும் கூமுட்டைதான். வித்தியாசம் அவ்ளோதாங்க. அது உங்களுக்குப் பெருசா சின்னதான்னு நான் சொல்லக் கூடாது."

தூரத்தில் பஞ்சாரத்துக்குள்ளிருந்து சேவல் கூவியது. நல்ல நேரம் பார்த்தது அது.

"மத்த கோழிங்களுது வேணும்னா இன்னும் ரெண்டு வாரம் பொறுக்கணும். இன்னிக்கி என்னால குடுக்க முடிஞ்சது நொண்டியோடது நாலுதான். அதுவும் சின்னச் சின்னது."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"பொய் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார்.

"தெரிஞ்சிருக்காதுங்க."

பிறகு அவர் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கடையில விக்கற வெள்ள முட்டையில சேவலே கிடையாதாம். பண்ணையில பொட்டக் கோழி மட்டும்தானாம். கம்பவுண்டர் சொன்னாரு. அத வாங்கியாந்து குடுத்தேன். நோயாளி தொடமாட்டேன்ட்டாங்க. மலையடிவாரத்து முட்டைதான் வேணும்ன்றாங்க. கடுதாசி எழுதுன்னு படுத்துகினே வெலாசம் சொன்னதும் அவங்கதான்." குரல் லேசாகக் கம்மியது. "அதுவும், விக்கிறவங்களே வரணுமாம். எதிர்ல நின்னு, இதுல உயிர் இல்லன்னு வாயால சொல்லணுமாம். அப்பத்தான் சாப்பிடுவாங்களாம்."

மலர்விழி படலைப் பிடித்துக்கொண்டாள். அம்மா! படுக்கையில் கிடந்துகொண்டு, ரத்தமில்லாத உடம்பை வைத்துக்கொண்டு, குஞ்சம்மாள் போட்ட கணக்கு இது. கொள்கை பற்றிய கேள்வி என்றால் புருஷன் எழுதுவார் என்று அவளுக்குத் தெரியும். முட்டையைக் கேட்டால் மகள் வருவாள் என்றும் தெரியும்.

"வர்றீங்களா?" என்றார் அவர்.

செல்லியம்மாளிடம் சாவியைக் கொடுத்து, தங்கதுரை வந்தால் சொல்லச் சொல்லிவிட்டு, நாலு முட்டைகளையும் வைக்கோலில் சுற்றித் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். கேரியரில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போன நாளில் உட்கார்ந்த அதே பக்கம். அன்று அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். இன்று சீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டி, எலும்பு தெரிந்தது. கையை நீட்டினால் தொடலாம். அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்தது. இருபது முப்பது பேர் அதன் மேலும் கீழும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தடியோடு எழுந்து வந்தான். அதற்குள் இன்னொருவர் கைகாட்டினார்.

"டேய், வுடு. நம்ம சங்கத்துப் பெரியவரு." கைகாட்டியவர் பெயர் கொளஞ்சியப்பன். கள்ளக்குறிச்சி சன்மார்க்க சங்கத்தில், அப்பா இப்போது தங்கியிருக்கும் இடத்தில், கஞ்சி ஊற்றுகிறவர். சைக்கிளும் அவருடையதுதான். "சம்சாரத்துக்கு எப்பிடி இருக்குதுங்க?"

"அப்பிடியேதாங்க இருக்குது."

கொளஞ்சியப்பனின் பார்வை கேரியரிலிருந்து இறங்கி நின்ற மலர்விழி மேல் விழுந்தது. மரத்தின் மேல் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூட யாருங்க? உங்களுக்குத்தான் புள்ளகுட்டி யாரும் கெடையாதுன்னு சொன்னீங்களே?"

மலர்விழி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சைக்கிளைத் தூக்கக் குனிந்தவர், பாதியில் நின்றார். அவர் வாய் திறந்து மூடியது. காலையில் மணல் சட்டியின் முன்னால் தான் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிடுவார் என்று நம்பினாள்.

"முட்ட விக்கிறவங்க," என்றார் நாராயணசாமி. "வைத்தியத்துக்கு."

"ஓ. சரி, சரி. வழி வுடுங்கப்பா!"

சைக்கிளை அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்தார்கள். மலர்விழி தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு கிளைகளுக்கு நடுவில் தாண்டி வந்தாள். பழுக்காத புளியங்காய்கள் காலடியில் நசுங்கின. ஒரு முட்டையைப் பற்றிக்கூட அவளால் இவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. பெற்ற மகளைப் பற்றி இவரால் முடிந்தது. கேரியரில் உட்கார்ந்ததும் அவள் அழுதாள். சத்தமில்லாமல், முன்னால் மிதிப்பவருக்குத் தெரியாமல் அழுதாள்.

ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. சைக்கிள் மெதுவாகியது. அவர் திரும்பவில்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"உள்ள இருக்கறது ஒடையாம இருக்குதா?" என்று 'ங்க' போடாமல் கேட்டார்.

மலர்விழி மூடியைத் திறந்து, வைக்கோலை விலக்கி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒடையலீங்க," என்றாள்.